மறுத்துப் பேசாத வார்த்தை

சபேசனுக்கு நந்தகோபனைக் கண்டால் ஆகாது. நந்தகோபன் ஒரு தப்பும் பண்ணவில்லை. முகம் நன்றாக இருந்தது, அவ்வளவுதான்.

இரண்டு பேரும் வேதநாயகி டீச்சரிடம் பாட்டுப் படித்தார்கள். இரண்டு பேருக்கும் பதினாறு வயது. நந்தகோபன் வாயைத் திறக்கும் முன்பே சபை தலையாட்டும். சபேசனுக்கு முகமெல்லாம் பரு, முன்பல் எடுப்பு. அவன் பாடினால் சபை கண்ணை மூடிக்கொண்டு கேட்கும். ரசித்து மூடுகிறார்களா, பார்க்கப் பிடிக்காமல் மூடுகிறார்களா என்று அவனுக்குச் சந்தேகம்.

கோயில் கச்சேரிக்கு இருவர் படமும் போட்டுச் சுவரில் போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். நந்தகோபன் முகத்தைச் சுரண்டத்தான் சபேசன் போனான். சுரண்டியதென்னவோ போஸ்டரில் இருந்த தன் முகத்தை.

பாட்டறையில் ஒரு கண்ணாடி உண்டு. பாடும்போது வாய் கோணுகிறதா, புருவம் ஏறுகிறதா என்று பார்ப்பதற்கு. மறுநாள் காலை டீச்சர் உள்ளே வரும்போது சபேசன் அதில் மூக்கு இடிக்க நின்றுகொண்டிருந்தான்.

"நான் அழகன். எல்லாரையும் விட அழகன்."

"யாருடா அது, காலங்காத்தால?"

அவன் சட்டென்று திரும்பினான். "போன்ல ஒரு வீடியோவுல சொன்னாங்க டீச்சர். தினம் சொன்னா மனசு மாறுமாம்."

"சொன்னதும் உள்ளே என்ன சொல்லிச்சு?"

"பொய்யின்னு."

"நீ என்ன பண்ணினே?"

"இன்னும் சத்தமா சொன்னேன்."

"அதுவும் சத்தத்தைக் கூட்டியிருக்குமே."

கூட்டித்தான் இருந்தது.

"நான் மேடைக்கு வரலை டீச்சர். அவனை மட்டும் உட்காரவைங்க. இல்லேன்னா நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லுங்க, நான் நல்லா இருக்கேன்னு."

"சொன்னா நம்புவியா?"

"மாட்டேன்."

"அப்புறம் எதுக்கு என் மூச்சை வீணாக்கறே? தள்ளி நில்லு. பருவை எண்ணறதுக்கு இல்லை கண்ணாடி. முகம் முழுசும் தெரியட்டும். கண்ணைப் பாரு. உன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பேசு. உள்ளே மறுக்காத வார்த்தையா ஒண்ணு சொல்லு."

"சபேசா, உன் முகம் அழகு."

"மறுக்குதா?"

"ஆமா."

"எட்டாத சுருதியில என்ன பண்ணுவோம்? இறக்கு."

"சபேசா, உன் முகம் பரவாயில்லை."

"இப்ப?"

"முணுமுணுக்குது."

"இறக்கு."

அவனுக்கு எரிச்சலாக வந்தது. "சபேசா, இது உன் முகம்."

உள்ளே ஒன்றும் பேசவில்லை.

"அதுதான் உன் ஆதார சுருதி. நேத்து பாடும்போது அந்த முகம் என்ன வேலை செஞ்சுது?"

யோசித்தான். "கீழ் ஸ்தாயியில நடுங்காம நின்னுச்சு. புருவம் ஏறலை."

"அதைச் சொல்லு. சொல்லிட்டு நகர்ந்துடு. அங்கேயே நின்னா மறுபடியும் பருவுக்குத்தான் போவே."

தினமும் சொன்னான். சில நாள் 'இது உன் முகம்' என்பதோடு நிறுத்திக்கொண்டான். சில நாள் கூடுதலாக ஒரு வரி கிடைத்தது. 'நேத்து தப்பின இடம் இன்னைக்குத் தப்பலை.' 'தங்கச்சி உன்னைப் பார்த்துச் சிரிச்சா.' எதற்கும் உள்ளே எதிர்ப்பேச்சு இல்லை.

கச்சேரிக்கு முந்தைய நாள் அவனே டீச்சரைக் கூப்பிட்டான்.

"இதைக் கேளுங்க டீச்சர். சபேசா, நந்தகோபனை விட உனக்குக் குரல் கனம். துளிகூட மறுக்கலை. உண்மைதானே?"

"உண்மைதான். கண்ணாடியில எத்தனை பேர் தெரியறாங்க?"

"நான் ஒருத்தன்தான்."

"அப்ப அவனை யாரு உள்ளே இழுத்துட்டு வந்தது?"



கச்சேரி அன்று நந்தகோபன் பட்டு ஜிப்பாவில் வந்தான். கோயில் வாசலில் இரண்டு பெண்கள் அவனைப் பார்த்துக் கிசுகிசுத்தார்கள். ஒருத்தி சபேசன் பக்கம் திரும்பி, "தம்பி, கொஞ்சம் தள்ளிக்கோங்க, அவரை ஒரு போட்டோ எடுத்துக்கறோம்" என்றாள். தள்ளிக்கொண்டான்.

நேரே மேடைக்குப் பின்னால் இருந்த அறைக்குப் போய் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றான். டீச்சர் தேடிக்கொண்டு வந்தார்.

"நான் வரலை டீச்சர். இத்தனை நாள் சொன்னதெல்லாம் வீண். வயிறு எரியுது."

"எங்கிட்ட எதுக்குச் சொல்றே? அங்கே சொல்லு."

சுவரில் கைக்கண்ணாடி ஒன்று மாட்டியிருந்தது. முகம் முழுதும் தெரியும்வரை சபேசன் பின்னால் நகர்ந்தான். கண்ணைப் பார்த்தான்.

"சபேசா, உனக்கு அவன்மேல பொறாமை."

"மறுக்குதா?"

"இல்லை."

"சரி, வா. அந்தப் பொறாமைக்காரனுக்குத்தான் மேடையில இடம் போட்டிருக்கேன்."