ஆள்காட்டி அம்மாவும் எருமை டீச்சரும்

இந்தக் கதையைப் பல வருடங்களாக நான் நம்பவில்லை. சொன்னது ஓர் ஓணான். எதைக் கேட்டாலும் தலையாட்டுகிற பிராணியின் சாட்சியை எப்படி நம்புவது?

ஏரிக்கரையில் செம்மூக்கி என்றோர் ஆள்காட்டிக் குருவி இருந்தாள். இலை உதிர்ந்தாலும் கத்துவாள். தவளை தும்மினாலும் கத்துவாள். அவளுக்கு ஒரே குஞ்சு, புள்ளி.

கரை மருதமரத்தடியில் ஒரு பள்ளி நடந்தது. டீச்சர் ஓர் எருமை. கல்லைப் புரட்டிப் பூச்சி பிடிக்கவும், சேற்றில் கால் புதையாமல் நடக்கவும் குஞ்சுகள் அங்கேதான் கற்றன. கோடையில் ஏரி வற்றும். அதற்குள் தானாகத் தின்னப் பழகாத குஞ்சு பிழைக்காது.

முதல் நாள் புள்ளி அம்மாவின் சிறகுக்குள் புகுந்துகொண்டான்.

"அம்மா, போகாதே!"

"போகலடா கண்ணு! பயப்படாதே! யாராவது அடிச்சா சொல்லு! கூப்பிட்டா ஓடி வந்துடுவேன்!"

அடிப்பார்கள் என்பதே புள்ளிக்கு அப்போதுதான் தெரிந்தது. இன்னும் பலமாக அழுதான். அதைப் பார்த்துச் செம்மூக்கி கத்தினாள். அவள் கத்தியதும் புள்ளி தரையோடு ஒட்டிப் படுத்தான். மூச்சு கூட விடவில்லை.

"பாருங்க டீச்சர், பிள்ளை மயங்கிட்டான்!"

"படுத்திருக்கான்" என்றது எருமை, அசைபோட்டபடி.

"எருமைக்கு என்ன உறைக்கும்!" என்று முணுமுணுத்துக் குஞ்சை வீட்டுக்கு அழைத்துப் போனாள்.

பக்கத்துப் புதரிலிருந்த கௌதாரி யோசனை சொன்னாள். "விளையாட்டு காட்டிட்டு, அவன் பார்க்காதப்போ நழுவிடு தங்கச்சி! என் பிள்ளைங்க எல்லாம் அப்படித்தான் படிச்சுதுங்க!"

கௌதாரியின் பிள்ளைகள் ஒன்றுகூட வலையிலிருந்து தப்பியதில்லை. ஆனாலும் செம்மூக்கி நழுவினாள். திரும்பிப் பார்த்த புள்ளி அம்மாவைக் காணாமல் அலறினான். அதன் பிறகு வீட்டிலும் அவளை விடவில்லை. அவள் தண்ணீர் குடிக்கப் போனாலும் காலைப் பிடித்துக்கொண்டு போனான். காலையில் வயிறு வலிக்கிறது என்றான். நிஜமாகவே வலித்தது.

அடுத்து, கோரைப்புல்லுக்குப் பின்னால் ஒளிந்து எட்டிப் பார்த்தாள். அழுகை அடங்கிப் புள்ளி மெல்லத் தலைதூக்கும்போதெல்லாம் அவள் சிவந்த அலகு தெரிந்தது. மறுபடி அழுதான். தாங்காமல் அவளும் கத்தினாள். புள்ளி படுத்தான். மற்றக் குஞ்சுகளும் நரி வந்துவிட்டதென்று சிதறி ஓடின.

"பள்ளிக்கூடமா இது? நிறுத்திடறேன்!" என்றாள் செம்மூக்கி.

எருமை அசைபோடுவதை நிறுத்தியது. "அம்மா, கூட்டுக்கு நரி வந்தா எங்கே நின்னு கத்துவீங்க?"

"இது கூடவா தெரியாது? குஞ்சைவிட்டுத் தூரமாப் போய்த்தான்! நரி என் பின்னால வந்துடும்ல!"

"நரி வந்தா தூரமாப் போறீங்க. நரியே இல்லாதப்போ பிள்ளை தலைமேல நின்னு கத்துறீங்க! நீங்க கத்துனா படுக்கணும்னு நீங்கதானே பழக்கியிருக்கீங்க? அவன் சொன்னபடி கேக்குறான்!"

செம்மூக்கி வாயைத் திறந்தாள். தரையோடு ஒட்டிக் கிடந்த புள்ளியைப் பார்த்து, வாழ்க்கையில் முதல் முறையாகக் கத்தாமல் விட்டாள்.

மறுநாள் புள்ளியைப் பள்ளி வாசலுக்கு அழைத்து வந்தாள். ஒரு நீண்ட மூச்சு விட்டாள். தன் இறகு ஒன்றைப் புள்ளியிடம் கொடுத்தாள்.

"இதை வெச்சுக்கோ. அம்மா இப்போ போறேன். மரத்து நிழல் தண்ணியைத் தொடும்போது வந்துடுவேன்."

அவன் அழுதான். "அழுகை வருது, தெரியும். ஆனாலும் வந்துடுவேன்" என்றாள். குஞ்சை எருமையின் பக்கம் நகர்த்தினாள். திரும்பாமல் பறந்தாள். சத்தம் எட்டாத அக்கரைக்குப் போய், ஒரு பாறையைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தினாள். அங்கே வெயில் காய்ந்த ஆமைகள், "இவளுக்குப் பித்துப் பிடிச்சிடுச்சு!" என்று தண்ணீரில் குதித்தன.

இக்கரையில் எச்சரிக்கைச் சத்தம் எதுவும் இல்லை. புள்ளி அழுதான், விக்கினான், பக்கத்துக் குஞ்சு புரட்டிய கல்லை எட்டிப் பார்த்தான். நிழல் தண்ணீரைத் தொட்டது. அம்மா நின்றிருந்தாள்.

"அழுதியா?" என்று கேட்க வந்த வாயை மூடிக்கொண்டு, "என்ன பிடிச்சே?" என்றாள்.

"புழு! நழுவிடுச்சு!"

தினமும் அதே இறகு, அதே சொல், அதே நிழல். அழுகை தேய்ந்தது. மழைக்காகப் பள்ளி மூடித் திறந்தபோது மறுபடி முளைத்தது. செம்மூக்கியும் நீண்ட மூச்சு விட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள்.

ஒருநாள் காலை புள்ளி இறகை வாங்க மறந்தான். திரும்பிக்கூடப் பார்க்காமல் கற்களை நோக்கி ஓடினான். செம்மூக்கி இறகை அலகில் பிடித்தபடி வாசலிலேயே நின்றாள்.

பிள்ளையின் பயம் தீர வேண்டுமானால், பெற்றவள் தன் பயத்தை முதலில் வேறிடத்தில் கொண்டுபோய் இறக்க வேண்டும்.

ஓணான் இதோடு முடித்துவிட்டுத் தலையாட்டியது. எனக்குத்தான் கதை முடியவில்லை. போன வாரம் அதைத் தேடிப்பிடித்துக் கேட்டேன்: "எல்லாம் சரி, புள்ளி திரும்பிப் பார்க்காத அந்தக் காலையில், செம்மூக்கி அக்கரைக்குப் போய்க் கத்தினாளா?"

ஓணான் தலையாட்டியது.