தொடாமல் விட்ட கன்னக்குழி

கருங்குளத்துப்பட்டி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே நிலவொளி ஸ்டூடியோ என்று ஒன்று இருக்கிறது. அங்கே மூன்று பேர் வேலை பார்க்கிறார்கள். மூவரின் அறிவையும் ஒன்றாகக் கூட்டினால் ஒரு ஆள் தேறுவாரா என்று கேட்காதீர்கள். கூட்டிப் பார்த்தவர்கள் எல்லாம் வாயை மூடிக்கொண்டுதான் போயிருக்கிறார்கள்.

முதலாளி ஆவுடைநாயகம். கேமரா பிடிப்பவர் தங்கப்பழம். கம்ப்யூட்டரில் படத்தைச் சரிசெய்பவர் செண்பகராமன். சரிசெய்வது என்றால் என்ன? உள்ளே கறுப்பாகப் போனவரை வெளுப்பாக அனுப்புவது, பருவையும் தழும்பையும் துடைப்பது, தொங்கும் தாடையை உள்ளே தள்ளுவது. இதற்கெல்லாம் செண்பகராமன் ஒரே பட்டன் வைத்திருந்தார். அதற்கு ‘ஜொலிப்பு’ என்று பெயரும் சூட்டியிருந்தார். அதை அமுக்கினால் போதும். ஊரில் எல்லோரும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி வெளியே வருவார்கள். ஊராரும் அதைத்தான் காசு கொடுத்து விரும்பினார்கள், அதனால் இவர்களை மட்டும் குறை சொல்லவும் முடியாது.

பள்ளிக்கூடம் திறந்ததும் பிள்ளைகளின் அடையாள அட்டைக்கு இவர்கள்தான் படம் எடுத்தார்கள். இரண்டாம் வகுப்பு ஜெனிலாவும் எடுத்துக்கொண்டாள். சிரித்தால் இரண்டு கன்னத்திலும் குழி விழும் பிள்ளை. மேல்வரிசை முன்பல் ஒன்று அப்போதுதான் விழுந்திருந்தது. செண்பகராமன் ஜொலிப்பை அமுக்கினார், குழிகள் தூர்ந்து மறைந்தன. பக்கத்துப் பல்லைப் பிரதி எடுத்து, இடம் வலமாகத் திருப்பி, ஓட்டையில் ஒட்டினார். அட்டை வந்தது. பக்கத்து பெஞ்சுக்காரி அதைப் பார்த்துவிட்டு, “இது நீ இல்லட்டி” என்றாள்.

ஜெனிலா கண்ணாடியைப் பார்த்தாள், அட்டையைப் பார்த்தாள். அட்டை அச்சடித்தது, பள்ளிக்கூடத்து முத்திரை வேறு இருக்கிறது. அப்படியானால் தப்பு தன் முகத்தில்தான் என்று முடிவுக்கு வந்துவிட்டாள். அன்றிலிருந்து கையால் வாயை மூடிக்கொண்டுதான் பேசுகிறாள், சிரிப்பு அடியோடு நின்றுவிட்டது. ஏழு வயதுப் பிள்ளைக்கு இது வரவேண்டிய வருத்தமா? எனக்குக் கோபம்தான் வருகிறது.

அவள் அம்மா சுகந்தி ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். பிள்ளையின் பிறந்தநாளுக்குள் அவள் முகம் அவள் முகமாகவே இருக்கிற ஒரு படத்தைச் சுவரில் மாட்டிவிட வேண்டும் என்று நினைத்தாள். ஊரில் வேறு ஸ்டூடியோ கிடையாது. பகல் வேலையில் லீவும் கிடைக்கவில்லை. ஆகவே பக்கத்து வீட்டுப் பெண்ணோடு பிள்ளையை அனுப்பி, கையில் ஒரு குறிப்பும் கொடுத்துவிட்டாள்.

“போட்டோகிராபர் அண்ணனுக்கு, என் மகளின் கன்னக்குழிகளையும் முன்பல் இடைவெளியையும் தயவுசெய்து தொடவேண்டாம். அவை அப்படியே இருக்கட்டும். சுகந்தி.”

தங்கப்பழம் இதை வாசித்ததும் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். வழக்கமாகப் பிள்ளைகளின் தாடையைப் பிடித்துத் திருப்பித்தான் அவர் படம் எடுப்பார். இன்றைக்குக் கை தவறிக் கன்னத்தில் பட்டுவிட்டால்? ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலை நீட்டி, தொடாமல், காற்றிலேயே பிள்ளையின் முகத்தை இப்படி அப்படித் திருப்பப் பார்த்தார். பிள்ளை பயந்து இன்னும் இறுக்கமாக வாயைப் பொத்திக்கொண்டது. அந்தக் கையை விலக்கலாம் என்றால், கைக்கு அடியில்தான் இடைவெளி இருக்கிறது. முதலாளியிடம் கேட்டார். கை வேறு, இடைவெளி வேறு, ஆனாலும் எதற்கு வம்பு என்று முதலாளி சொல்லிவிட்டார்.

கடைசியில் மூக்கு அரித்ததால் பிள்ளையே கையை எடுத்தது. அந்த நேரத்தில், வேட்டி கட்டிய முதலாளி குயில் மாதிரி கூவிக் காட்டியதில் லேசாகப் பல்லும் தெரிந்தது. தங்கப்பழம் படத்தை எடுத்துவிட்டார்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கன்னக்குழி என்பது படத்தில் வெறும் நிழல்தான். வெளிச்சம் ஒரு பக்கமிருந்து வந்தால் பள்ளத்தில் நிழல் விழும், குழி தெரியும். தங்கப்பழமோ பாஸ்போர்ட் படத்துக்கு வைப்பதுபோல இரண்டு பக்கமும் ஒரே அளவு விளக்கை வைத்திருந்தார். இடது விளக்கு போட்ட நிழலை வலது விளக்கு தின்றுவிட்டது. யாரும் தொடாமலேயே குழி பாதி காணாமல் போயிற்று. இதை யாரும் கவனிக்கவில்லை, ஏனென்றால் எல்லோரும் தொடாமல் இருப்பதிலேயே மும்முரமாக இருந்தார்கள்.

படம் கம்ப்யூட்டருக்குப் போனது. மூவரும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். முதலாளி தொண்டையைச் செருமினார்.

“ரெண்டைத் தொடக்கூடாதுன்னு எழுதிருக்காக. அப்போ மத்ததையெல்லாம் தொடணும்னுதானே அர்த்தம்?”

“ஆமா மொதலாளி. எதையுமே தொடாம விட்டா, இந்த ரெண்டை மட்டும் தொடலைன்னு அந்தம்மாவுக்கு எப்படித் தெரியும்?” என்றார் தங்கப்பழம்.

செண்பகராமன் மவுஸைப் பிடித்தபடி கவலையாக யோசித்தார். “குழி சரி, வட்டம் போட்டுக் காப்பாத்திருவேன். இந்த இடைவெளிதான் இடிக்குது. அங்க ஒண்ணுமே இல்லியே. இல்லாத ஒண்ணைத் தொடாம விடுறது எப்படி?”

மூவரும் திரைக்குக் கிட்டே போய் அந்த ஓட்டையை உற்றுப் பார்த்தார்கள். பிறகு முதலாளி, இல்லாததற்கு எல்லை இருக்கிறதல்லவா, இந்தப் பல்லில் தொடங்கி அந்தப் பல்லில் முடிகிறதல்லவா, அதற்குள் இருப்பதைப் பத்திரமாக வேலி கட்டிவிடு என்று தீர்ப்புச் சொன்னார். மற்ற இருவரும் அவரைக் கும்பிடாத குறைதான்.

செண்பகராமன் இரண்டு குழிகளைச் சுற்றியும் வட்டம் போட்டார், பல் சந்தைச் சுற்றிக் கட்டம் போட்டார். அதற்கு உள்ளே எந்த மாற்றமும் ஏறாதபடி மறைப்புக் கட்டினார். மறைப்பின் ஓரத்தைக் கொஞ்சம் மங்கலாக்கினால்தான் மாற்றியதும் மாற்றாததும் ஒன்றோடொன்று கலக்கும். அவருக்கு அதற்கெல்லாம் ஏது பொறுமை? கத்தியால் வெட்டின மாதிரி விட்டுவிட்டு ஜொலிப்பை அமுக்கினார். தோல் மழுமழுவென்று ஆனது, முகம் வெளுத்தது, மூக்கு மெலிந்தது, கண் பெருத்தது, மீதிப் பற்கள் டியூப்லைட் ஆயின. முடிந்ததும் பழைய படத்தின் மேலேயே சேமித்தார். கேமராவின் கார்டை மறுநாள் கல்யாணத்துக்காகத் தங்கப்பழம் ஏற்கெனவே அழித்துக் காலியாக்கிவிட்டிருந்தார்.

சாயங்காலம் வேலை முடிந்து சுகந்தி பிள்ளையோடு வந்தாள். முதலாளி படத்தைத் தட்டில் வைத்து நீட்டினார்.

புட்டு மாவு மாதிரி ஒரு வெள்ளை முகம். அதில் இரண்டு கன்னத்திலும் கருப்பட்டித் துண்டு பதித்தது போல இரண்டு பழுப்பு வட்டங்கள், பிள்ளையின் சொந்த நிறத்தில். வாய் நடுவில் நேர்கோடாக வெட்டிய ஒரு கறுப்புக் கட்டம்.

“இது என்ன?” என்றாள் சுகந்தி.

“நீங்க சொன்னபடிதாம்மா. அந்த ரெண்டையும் தொடவே இல்ல. நல்லாப் பாருங்க, நாங்க தொட்டது எங்க முடிஞ்சிருக்குன்னுகூடத் தெரியும்,” என்றார் செண்பகராமன் பெருமையாக.

சுகந்திக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. “என் பிள்ள மூணு மாசமா வாயத் தொறக்கல. நீங்க ஒட்டுன பல்லப் பாத்துத்தான் தொறக்கல. அவ முகம் தப்பில்லன்னு அவளுக்குக் காட்டணும்னு ஒரு படம் கேட்டேன். அதுக்கு அவ மூஞ்சில பொத்தல் போட்டு வச்சிருக்கீகளே,” என்றாள். பழைய படத்தையாவது கொடுங்கள் என்று கேட்டாள். அது இல்லை என்பதை மூவரும் மாறி மாறி, ஒவ்வொருவரும் மற்றவரைக் காட்டி, விளக்கினார்கள்.

மறுபடி எடுங்கள், இப்போதே, என் முன்னால் என்றாள். அந்தக் குரலைக் கேட்டு முதலாளி பதறி எழுந்து ஓடினார். ஓடின வேகத்தில் வலது விளக்கின் வயர் அவர் காலில் சுற்றியது. பிளக் பிடுங்கிக்கொண்டு வந்தது, விளக்கு அணைந்தது, முதலாளி திரைச்சீலையோடு தரையில் உருண்டு சுருட்டிய பாய் மாதிரி கிடந்தார். உள்ளேயிருந்து, “நான் எதையும் தொடல” என்று சத்தம் வந்தது.

ஸ்டூலில் உட்கார்ந்திருந்த ஜெனிலா மடியில் அந்தப் படம் இருந்தது. அவள் படத்தைப் பார்த்தாள், தரையில் கிடந்த திரைச்சீலைச் சுருளைப் பார்த்தாள். முதலில் தோள் குலுங்கியது. பிறகு வாயைப் பொத்தக் கை போதாமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

கேமராவோடு தயாராக நின்ற தங்கப்பழத்தின் விரல் பயத்தில் பட்டனை அமுக்கிவிட்டது. எரிந்துகொண்டிருந்ததோ இடது விளக்கு ஒன்றுதான். ஒரே பக்கத்து வெளிச்சத்தில் இரண்டு குழிகளும் நிழல் தேங்கி அழகாக விழுந்தன. பல் சந்து வழியாக நாக்கு நுனிகூட எட்டிப் பார்த்தது. இப்படி ஒரு படம் அந்த ஸ்டூடியோவில் அதற்கு முன் எடுத்ததில்லை. இதையும் தெரிந்து எடுக்கவில்லை.

சுகந்தி செண்பகராமனைக் கம்ப்யூட்டர் பக்கமே விடவில்லை. பிரிண்ட் மெஷினும் தன்னிஷ்டத்துக்கு வெளுப்பேற்றும் என்று தங்கப்பழம் வாய் தவறி உளறினார். அந்தத் தானியங்கித் திருத்தத்தையும் நிறுத்தச் சொல்லிவிட்டு, படம் வெளியே வரும்வரை மெஷின் பக்கத்திலேயே நின்றாள். படம் ஈரமில்லாமல் சூடாக வந்தது. ஜெனிலா அதை ரொம்ப நேரம் பார்த்தாள்.

“இது நாந்தான்மா,” என்றாள். சொல்லும்போது கை வாயருகில் போகவில்லை. சுகந்தி முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இதோடு கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் நிலவொளி ஸ்டூடியோக்காரர்களுக்குக் குறிப்பு என்றால் குறிப்பு. அதில் தேதி போட்டிருக்கவில்லை. இன்று வரைக்கும் தொடவேண்டாம், நாளையிலிருந்து தொடலாம் என்றும் எழுதியிருக்கவில்லை.

கார்த்திகை மாதம் ஒரு நாள் ஜெனிலா ஸ்டூடியோ வாசல் வழியாகப் போனவள், உள்ளே பார்த்து ஈயென்று சிரித்துவிட்டுப் போனாள். மூவரும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்கள். இடைவெளியில் பாதிக்கு மேல் புதுப் பல் நின்றது.

அவசரக் கூட்டம் போட்டார்கள். யார் செய்தது என்று முதலாளி விசாரித்தார். தான் இரண்டு நாளாகக் கம்ப்யூட்டரையே திறக்கவில்லை என்று செண்பகராமன் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். ஊரில் எந்தப் பல் டாக்டரிடமும் அந்தப் பிள்ளை போகவில்லை என்று தங்கப்பழம் நேரில் போய் விசாரித்து வந்தார். பழி நம் தலையில்தான் விழும், அந்தம்மா வருவதற்குள் நாமே போய் விழுந்துவிடுவோம் என்று முடிவாயிற்று.

சுகந்தி கதவைத் திறந்தபோது மூவரும் கையைக் கட்டிக்கொண்டு வரிசையாக நின்றிருந்தார்கள். அவளுக்குப் பின்னால் ஜெனிலா புதுப் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

“எம்மா, சத்தியமா அதை நாங்க தொடல,” என்றார் ஆவுடைநாயகம். “எவன் செஞ்சான்னு தெரியல. ஆனா நீங்க பயப்படாதீக. இந்தத் தடவை பழைய ஃபைலை அழிக்காமப் பத்திரமா வச்சிருக்கோம். பிள்ளைய மட்டும் ஒரு நாளைக்கு ஸ்டூடியோவுல விட்டுட்டுப் போங்க, பழையபடி மாத்திக் குடுத்திருதோம்.”