கல்லாகாத கடிதம்

வெகு காலத்துக்கு முன்னே, பெருச்சாளிகளும் பேசிக்கொண்டிருந்த நாளில், கொடிநல்லூரில் செண்பகவல்லி என்றொரு பெண் இருந்தாள். நான்கு வருஷம் அவளை விரும்பிய ஆதன், ஒருநாள் "இனி வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். ஊரே அவள் வாசலில் கூடிப் புத்தி சொன்னது. தாங்க முடியாமல் அவள் ஒரு மந்திரவாதியிடம் போனாள்.

"ஐயா, இவர்கள் பேச்சு என் காதில் விழக்கூடாது."

"சரி. புத்தி சொன்னாலும் கல்லாகும், தீர்ப்புச் சொன்னாலும் கல்லாகும். கல்லெல்லாம் உன் வீட்டைச் சுற்றிச் சுவராகும். கல்லாகாத சொல் ஒன்று உன்னிடம் வந்து, நீயும் மனம் திறந்தால்தான் அது இறங்கும்."

மூன்றே நாளில் சுவர் கூரையைத் தாண்டியது. இன்னும் மூன்று வரிசை ஏறினால் மேலே மூடிக்கொள்ளும். அப்புறம் காற்றும் இல்லை, செண்பகவல்லியும் இல்லை.

அவள் தோழி குமுதைக்கு நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே வராது. அதனால் கடிதம் எழுதினாள். ஒரு பெருச்சாளி அதைக் கவ்விக்கொண்டு சுவருக்கு அடியில் வளை தோண்டிப் போனது.

'எழுந்து வெளியே வா. எல்லாம் மறந்துபோகும்.'

தடால்! ஒரு வரிசை ஏறியது.

"நல்ல கெட்டிக் கல் அம்மணி," என்றது பெருச்சாளி. "சூளையில்கூட இப்படி வேகாது."

'அவன் உனக்கு ஏற்றவனே இல்லை. எனக்கு அப்போதே தெரியும்.'

தடால்! இன்னொரு வரிசை.

"இது முந்தினதைவிடக் கெட்டி!"

குமுதை நிமிர்ந்து பார்த்தாள்; இன்னும் ஒரே வரிசைதான் பாக்கி. மூன்றாவது ஓலையில் 'என்னதான் நடந்தது?' என்று எழுதினாள். அவளைப் பதில் சொல்ல வைப்பானேன் என்று அடித்தாள். 'எனக்கும் ஒருமுறை இப்படித்தான்' என்று எழுதினாள். இது என் கதையல்லவே என்று அதையும் அடித்தாள். கடைசியில் மிஞ்சியது இவ்வளவுதான்:

'செண்பகம், ஆதன் போனதைக் கேள்விப்பட்டேன். நீ அவனை எவ்வளவு விரும்பினாய் என்று எனக்குத் தெரியும். ரொம்ப வலிக்கும். என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. பதில் எழுதாவிட்டாலும் பரவாயில்லை. தினமும் வெயில் தாழ்ந்ததும் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பேன்.'

பெருச்சாளி போனது. சுவர் ஏறவில்லை, இறங்கவும் இல்லை.

முதல் நாள் உட்கார்ந்தாள். சத்தமே இல்லை. இரண்டாம் நாள் உட்கார்ந்தாள். உள்ளே யாரோ அழுவது கேட்டது. "அழாதே" என்று நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிக்கொண்டாள். மூன்றாம் நாளும் உட்கார்ந்தாள்.

"குமுதை, இருக்கியா?"

"இருக்கேன்டி."

"அவன் செருப்பு இன்னும் இங்கேதான் கிடக்கு."

தூக்கிப் போடு என்று குமுதை சொல்லவில்லை. "ம்," என்றாள்.

பொலபொலவென்று ஒரு வரிசை உதிர்ந்தது.

அவன் சிரிப்பு, அவன் சொன்ன பொய், அவன் திரும்பி வரமாட்டானா என்கிற ஆசை, ஒவ்வொன்றாகச் சொல்லி அழுதாள் செண்பகவல்லி. "ம்" என்றாள் குமுதை. வரிசை வரிசையாக உதிர்ந்து, சுவர் முழங்கால் உயரத்துக்கு வந்தது. செண்பகவல்லி அதைத் தாண்டி வந்து தோழியின் தோளில் சாய்ந்தாள்.

"இன்னும் வலிக்குதுடி."

"தெரியும்."

"நாளைக்கும் அழுவேன்."

"நாளைக்கும் வரேன்," என்றாள் குமுதை.