தாழம்பூவின் சாட்சி

உப்பனாற்றங்கரையில் ஒரு சிவன் கோயில். கோயிலை ஒட்டி ஒரு சின்ன மடம். மடத்துக்கு வைத்தியலிங்கச் சுவாமிகள் தலைவர். அவருக்குச் சீடர் என்று இருந்தது குமாரதேவன் ஒருவன்தான். கல்லூரியில் பாடம் சொல்லிக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு வந்தவன். நிறையப் படித்தவன். எதையும் பிசகில்லாமல் சொல்ல வேண்டும் என்பதில் பிடிவாதக்காரன்.

திருக்கார்த்திகையன்று பிற்பகலில் கோயில் பிள்ளைகளுக்கு விளக்கின் கதையைச் சொல்வது அங்கே வழக்கம். சுவாமிகள்தான் சொல்வார். அந்த வருடம், "நீ சொல்லேன்" என்றார்.

குமாரதேவனுக்குத் தலைகால் புரியவில்லை. பிள்ளைகளைக் கருவறையின் பின்சுவருக்கு அழைத்துப்போனான். அங்கே மாடத்தில் லிங்கோத்பவர் இருந்தார்.

"நல்லாப் பாருங்க. என்ன தெரியுது?"

"கல்லுத் தூணுக்குள்ள சாமி நிக்குது!"

"கால் இருக்கா?"

பிள்ளைகள் குனிந்து பார்த்தார்கள். முழங்காலுக்குக் கீழே ஒன்றையும் காணோம். அண்ணாந்து பார்த்தார்கள். முடியும் தூணுக்குள் மறைந்திருந்தது. அடியில் ஒரு பன்றி மண்ணைக் குடைந்துகொண்டிருந்தது. உச்சியில் ஓர் அன்னம் பறந்துகொண்டிருந்தது.

"சாமியைப் பாதியிலயே விட்டுட்டாங்க" என்றான் நடேசன். அந்தக் கூட்டத்தில் வாய் அவனுக்குத்தான் நீளம்.

"விடலைடா. அதுதான் கதை" என்று குமாரதேவன் உட்கார்ந்தான். பிள்ளைகளும் சுற்றி உட்கார்ந்தார்கள். எங்கிருந்தோ கம்மென்று ஒரு வாசனை வந்தது. கதை சொல்லும் மும்முரத்தில் அவன் அதைக் கவனிக்கவில்லை.

பிரம்மாவுக்கும் திருமாலுக்கும் யார் பெரியவர் என்று வாக்குவாதம் வந்ததைச் சொன்னான். நடுவே தீத்தூண் ஒன்று எழுந்ததைச் சொன்னான். அடி தேடிப் பன்றியாகக் கீழே போனார் திருமால். முடி தேடி அன்னமாக மேலே போனார் பிரம்மா. யுகம் யுகமாகப் போனார்கள்.

"திருமால் திரும்பி வந்து, என்னால அடியைப் பார்க்க முடியலைன்னு உள்ளதைச் சொல்லிட்டார். பிரம்மா பறந்துபோற வழியில ஒரு தாழம்பூ விழுந்துகிட்டே வந்துச்சு. எங்கேயிருந்து வர்றேன்னு கேட்டார். சிவன் முடியிலேருந்து விழுந்தேன், எத்தனை காலமா விழுறேன்னு எனக்கே தெரியலைன்னுச்சு. அவருக்குச் சலிச்சுப்போச்சு. நான் முடியைப் பார்த்துட்டேன்னு எனக்காக ஒரு சாட்சி சொல்றியான்னு கேட்டார். தாழம்பூவும் சொல்லிடுச்சு."

"ஐயையோ!" என்றார்கள் பிள்ளைகள்.

"தீயைப் பிளந்துகிட்டுச் சிவன் வந்தார். பொய் சொன்ன பிரம்மாவுக்கு இனிக் கோயில் கிடையாது. பொய்ச்சாட்சி சொன்ன தாழம்பூ என் பூசைக்கே ஆகாது. அப்படீன்னுட்டார். அந்தத் தீத்தூணைத்தான் இன்னைக்கு விளக்கா ஏத்துறோம். சாயங்காலம் கோயில் வாசல்ல சொக்கப்பனை கொளுத்துறோமே, அதுவும் அந்தத் தூண்தான்."

பிள்ளைகள் ஒருவரும் அவனைப் பார்க்கவில்லை. எல்லாக் கண்களும் கடைசி வரிசையில் இருந்த வடிவின்மேல் இருந்தன.

"சாமி, வடிவு பையில தாழம்பூ இருக்கு. சாமிக்குன்னு கொண்டாந்திருக்கா" என்றான் நடேசன்.

வடிவுக்கு ஏழு வயது. பையை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தாள். மடல் நுனி பொன்னாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

குமாரதேவன் கோபக்காரன் அல்ல. சரியானதைத்தான் சொன்னான். "இந்தக் கோயிலுக்கு அது ஆகாதும்மா. வீட்டுல வச்சிட்டு வந்துடு."

வடிவு எழுந்தாள். பையை அணைத்தபடியே போய்விட்டாள்.

சுவாமிகள் கோயில் வாசலில் இருந்தார். நட்டிருந்த பனைமரத் துண்டைச் சுற்றி ஆட்கள் காய்ந்த ஓலையைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் ஓலை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"கதை எப்படி?"

"பிசகில்லாமல் சொன்னேன் சுவாமி." கொஞ்சம் தயங்கினான். பிறகு நடந்ததைச் சொன்னான். "விதியைத்தானே சொன்னேன். அது தப்பா?"

"தப்பில்லை. அந்தத் தாழம்பூ எங்கிருந்து விழுந்தது என்று சொன்னாய்?"

"சிவபெருமான் முடியிலிருந்து."

"அங்கே அதைச் சூடியிருந்தது யார்?"

இத்தனை வருடம் படித்த கதையில் அந்த இடத்தைக் குமாரதேவன் ஒரு தாவலில் தாண்டியே வந்திருக்கிறான்.

"இந்த ஓலையைப் பிடி" என்று நீட்டினார் சுவாமிகள். அவன் வாங்கவில்லை. வடிவின் வீட்டைப் பார்த்து வேகமாக நடந்துகொண்டிருந்தான்.

வடிவின் அம்மா ராசாத்தி வாசலில் அகல் விளக்குகளுக்குத் திரி போட்டுக்கொண்டிருந்தாள். முழங்கை வரை முள் கீறியிருந்தது.

"வாங்க சாமி. பருவம் தப்பிப் பூத்த ஒத்தைப் பூ. புதருக்குள்ள பாம்பு கெடக்குமேன்னு பார்க்காம நொழைஞ்சி அறுத்தேன். இவதான் சாமிக்கு, சாமிக்குன்னு ஒரே அடம். எங்களுக்கு இந்தச் சட்டமெல்லாம் தெரியாது சாமி."

வடிவு மூலையில் உட்கார்ந்திருந்தாள். பூ மடியில் இருந்தது.

"பாப்பா, கோயிலுக்குப் போகலாமா?"

"நான் வரலை. இது பொய் சொல்லுமாம்."

குமாரதேவன் தரையில் உட்கார்ந்தான். "நான் அவசரத்துல கதையை ஒழுங்காச் சொல்லலை. இந்தப் பூ முதல்ல சாமி தலையில இருந்துச்சு. அவரே ஆசையா வச்சிருந்தார். அதை நான் சொல்லாம விட்டுட்டேன்."

வடிவு அவனையே பார்த்தாள். "நெசமாவா?"

"நெசமா."

"அப்ப ஏன் வேணாம்னாரு?"

"அது எனக்குத் தெரியலை பாப்பா. பெரிய சாமியைக் கேட்போம், வா."

பொழுது சாய்ந்துவிட்டது. அவர்கள் மூவரும் வந்தபோது கோயில் மதில் முழுக்க அகல்கள் எரிந்துகொண்டிருந்தன. குருக்கள் எட்டிப் பார்த்து, "சுவாமி, அந்தப் பூவை உள்ளே..." என்று இழுத்தார்.

"உள்ளே வேண்டாம், குருக்களே" என்றார் சுவாமிகள். பூவைக் கையில் வாங்கி முகர்ந்து பார்த்தார். ராசாத்தியிடம் கொடுத்தார். "பிள்ளை தலையில் வைத்துப் பின்னிவிடம்மா."

ராசாத்தி அங்கேயே உட்கார்ந்து, முள் விளிம்பைக் கிள்ளிவிட்டு, மடலை மடித்து மகளுக்குத் தாழம்பூச் சடை பின்னினாள். வாசனை வாசல் முழுவதும் பரவியது. நடேசன் அருகில் வந்து, "எனக்கும் ஒரு மடலு குடு" என்றான். வடிவு யோசித்துவிட்டு ஒன்றைக் கொடுத்தாள்.

உற்சவ மூர்த்தி புறப்பாடாகி வாசலுக்கு வந்தது. தீபாராதனை முடிந்ததும், குருக்கள் கோயில் விளக்கிலிருந்து ஏற்றிக்கொண்டு வந்த நெருப்பைச் சொக்கப்பனையில் வைத்தார். ஓலை சடசடவென்று பற்றியது. தீ நெடுக எழுந்தது. பொறிகள் பறந்து பறந்து இருட்டில் போய்க் கரைந்தன. பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள்.

குமாரதேவனுக்கு மனம் கேட்கவில்லை. "சுவாமி, பூசைக்கு ஆகாதென்ற பூவைச் சிவபெருமானுக்கு எதிரிலேயே நிறுத்திவிட்டீர்களே. எதற்கு?"

சுவாமிகள் வடிவைத் தூக்கித் தோளில் உட்காரவைத்துக்கொண்டார்.

"ஆத்தா, தீயோட உச்சி தெரியுதா?"

வடிவு கழுத்தை எக்கிப் பார்த்தாள். சடை பின்னால் சரிந்தது. இன்னும் அண்ணாந்தாள்.

"தெரியலையே தாத்தா. அது மேல போய்க்கிட்டே இருக்கு."

சுவாமிகள் சீடனைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

"கேட்டாயா? இந்தத் தடவை மெய்ச்சாட்சி சொல்லியாயிற்று."