காலிப் பாயும் ஒரு மனுவும்

மனு எழுதுவதில் ஆளவந்தாரை மிஞ்ச ஆளில்லை. தாலுகா ஆபீஸில் காலமெல்லாம் மனு வாங்கியவர், ஓய்வு பெற்றதும் சுடர்க்கொடி அம்மையாரின் பிரார்த்தனைக் குழுவில் சேர்ந்தார். அம்மையார் அவரைவிட வயதில் இளையவர். ஆனாலும் குரு குருதான்.

மத்திய சிறைக் கண்காணிப்பாளருக்கு ஆளவந்தார் எழுதிய மனுவில் குறை சொல்ல இடமில்லை. கைதிகளோடு பிரார்த்தனை செய்ய ஞாயிறுதோறும் காலையில் ஒரு மணி நேரம் கேட்டிருந்தார். தொண்டர்களின் முகவரி, ஆதார் நகல், போலீஸ் சான்று எல்லாம் இணைத்திருந்தார். உள்ளே எங்களுக்கு உறவினர் யாருமில்லை, செல்போனோ தின்பண்டமோ கடிதமோ கொண்டுபோக மாட்டோம், எந்த மதத்தையும் பழிக்க மாட்டோம், விருப்பமுள்ளவர்கள் வந்தால் போதும் என்று உறுதியும் கொடுத்திருந்தார்.

மனு மேலதிகாரி வரை போய்த் திரும்பியது. மூன்று மாதத்துக்கு அனுமதி. எத்தனை பேர் வருகிறார்கள் என்று பார்த்து நீட்டிப்பார்களாம்.

முதல் ஞாயிறு. வாசலில் சோதனை முடிந்து, கையில் முத்திரை குத்தி, உள்ளே கூடத்துக்கு அனுப்பினார்கள். நீளமாகப் பாய் விரித்திருந்தது.

ஒருவர்கூட வரவில்லை.

ஆளவந்தாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எல்லா பிளாக்குலயும் அறிவிச்சாங்களா?" என்று சிறை நல அலுவலரைக் கேட்டார்.

"அறிவிச்சாச்சு சார். யாரும் வரலைன்னுட்டாங்க."

"ஒருத்தர்கூடவா?"

"நீங்க கவலைப்படாதீங்க. வார்டர்கிட்ட சொன்னா போதும். ஒரு விசில்ல நூறு பேர் வந்து உக்காந்துடுவாங்க."

ஆளவந்தாருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "சொல்லுங்க சார், சீக்கிரம்!"

"வேண்டாம்," என்றார் அம்மையார். காலிப் பாயைப் பார்த்து உட்கார்ந்தார். விளக்கேற்றினார். கூடம் நிறைந்திருந்தால் எப்படிப் பாடுவாரோ அப்படியே, நேரம் முடியும்வரை பாடினார். தொண்டர்களும் கூடப் பாடினார்கள். ஆளவந்தார் மட்டும் பாடாமல் கூடத்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் வெடித்தார்.

"அம்மா, இன்னைக்கு வருகை சைபர்னு ரிப்போர்ட் போகும். இப்படியே போனா அனுமதி ரத்தாயிடும். எத்தனை மாசம் அலைஞ்சேன்!"

"ஆகட்டும் ஐயா."

குருவா இப்படிப் பேசுவது?

"அவங்க நம்மளை வேண்டாம்னுட்டாங்கம்மா. உங்களுக்கு வலிக்கலையா?"

"வலிக்குது."

"அப்போ விசில் அடிக்க விட்டிருக்கலாமே!"

அம்மையார் சிறைச் சுவரைத் திரும்பிப் பார்த்தார்.

"எழுந்திருன்னா எழுந்திருக்கணும். சாப்பிடுன்னா சாப்பிடணும். உள்ள போன நாள்ல இருந்து அவங்க 'மாட்டேன்'னு சொல்லி, யாரும் அடிக்காம விட்டது இன்னைக்குத்தான் ஐயா. அதையும் நாம பிடுங்கிட்டு, அப்புறம் எந்த சாமிகிட்ட என்னன்னு வேண்டுறது?"