இலையில் வைத்த தலை

முன்னொரு காலத்தில், எந்த ஊர் என்று கேட்காதீர்கள், கேட்டால் எனக்கே தெரியாது, மங்கலவர்மர் என்று ஒரு ராஜா இருந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் ஆசை என்று ஒன்று வந்துவிட்டால் பிடித்த பிடியை விடமாட்டார்.

அவருடைய சபையில் தூங்கானை என்று ஒரு விகடன் இருந்தான். தூங்காதவன் என்று பெயரை நம்பி விடாதீர்கள். சபை கூடினால் தூணில் சாய்ந்து குறட்டை விடுவான். விழித்துக்கொண்டால் நாலு பேர் மூக்கை உடைப்பான். அப்படி அடிக்கடி மூக்கு உடைபட்டவர் வில்லவராயர். அரண்மனைக்கு வரும் விருந்தாளிகளை வரவேற்று உபசரிக்கும் அதிகாரி அவர். தூங்கானை என்றாலே அவருக்கு வயிறு எரியும்.

ஒரு நாள் கோயிலில் கதாகாலட்சேபம். பாகவதர் உருகி உருகிச் சொன்னார்: கடவுள் பிச்சைக்காரராக வேஷம் போட்டு ஏழைக் குயவன் வீட்டு வாசலில் வந்து நின்றார், குயவன் தன் பங்குக் கஞ்சியை ஊற்றினான், மறுநாள் அவன் வீட்டுப் பானை அள்ள அள்ளக் குறையவில்லை. பக்கத்து வீட்டுப் பணக்காரன் விரட்டினான், அவன் களஞ்சியத்து நெல்லெல்லாம் உமியாகிவிட்டது. கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ராஜா கண்ணைத் துடைக்கவில்லை. அந்தப் பானையையே நினைத்துக்கொண்டிருந்தார்.

"அமைச்சர்களே! ஒரு குயவன் வீட்டுக்கு வந்த கடவுள் நம் அரண்மனைக்கு வரக் கூடாதா? நாளை முதல் அன்னதானம் நடக்கட்டும். ஆனால் கடவுளுக்கு மட்டும்தான் சோறு. கண்ட கண்ட பிச்சைக்காரர்களுக்குப் போட்டு வீணாக்காதீர்கள்" என்றார்.

வில்லவராயர் முந்திக்கொண்டு எழுந்தார். "பிரபு, கடவுளைக் கண்டுபிடிக்க அடையாளம் உண்டு. கண் இமைக்காது. கால் தரையில் பாவாது. கழுத்து மாலை வாடாது. வாசலில் நானே நின்று சோதித்து உள்ளே விடுகிறேன்."

சோதனை ஆரம்பமாயிற்று. வெயிலில் வரிசையாக வந்தவர்களின் முகத்தருகே வில்லவராயர் விசிறியை வீசுவார். இமைத்தால், போ! யார்தான் இமைக்க மாட்டார்கள்? குருடர், முடவர், கைப்பிள்ளைக்காரி எல்லோரும் சோற்று வாசனையை மட்டும் பிடித்துக்கொண்டு திரும்பினார்கள். உள்ளே அண்டா அண்டாவாகச் சோறு ஊசிப் போயிற்று. எனக்குச் சொல்லும்போதே ஆத்திரமாக வருகிறது.

பேச்சி என்று ஒரு கிழப் பிச்சைக்காரி வாசலிலேயே தலைசுற்றி விழுந்துவிட்டாள். தூங்கானை அவளுக்குத் தண்ணீர் தெளித்து எழுப்பினான். "ஏன் ஆத்தா, இமைக்காம இருக்கக் கூடாதா?" என்றான்.

"பசியில கண்ணு தானா சொருகுதேப்பா" என்றாள் அவள்.

அவன் நேரே சபைக்குப் போனான். அன்றைக்கு அவன் தூங்கவில்லை.

"மகாராஜா, கடவுள் மாறுவேஷத்தில் வருகிறார் என்கிறோம். இமைக்காத கண்ணோடும் வாடாத மாலையோடும் வந்தால் அது என்ன மாறுவேஷம்? திருடன் 'நான் திருடன்' என்று கூவிக்கொண்டா வருவான்? இன்னொன்று. வாசலுக்கு வந்தவன் பசியோடு திரும்பினால் தன் பாவத்தை அங்கேயே இறக்கி வைத்துவிட்டு, வீட்டுக்காரனுடைய புண்ணியத்தை மூட்டை கட்டிக்கொண்டு போவான் என்று பெரியவர்கள் சொல்லவில்லையா? இந்நேரம் உங்கள் புண்ணியம் தெருத்தெருவாகப் போய்க்கொண்டிருக்கிறது."

ராஜாவின் முகம் சிவந்தது. வில்லவராயருக்கோ பாலில் பழம் விழுந்த மாதிரி இருந்தது. "பிரபு, இவ்வளவு தெரிந்தவர் கடவுளைத் தாமே அழைத்து வரலாமே!"

"ஆம்! தூங்கானை, நாளை மதிய விருந்துக்குக் கடவுள் இங்கே வந்து உண்ண வேண்டும். வராவிட்டால் உன் தலை உன் கழுத்தில் இராது" என்றார் ராஜா.

தூங்கானைக்கு உள்ளங்கால் வரை நடுங்கிற்று. இருந்தாலும் கும்பிட்டான். "உத்தரவு. ஆனால் வருகிறவர் அதிதி. அதிதி என்றால் திதி சொல்லாமல், நாள் சொல்லாமல் வருகிறவர். அவருக்கென்று முறை இருக்கிறது. பேர் என்ன, ஊர் என்ன, குலம் என்ன என்று சாப்பிட்டு முடியும்வரை கேட்கக் கூடாது. வீட்டுக்காரர் தம் கையாலேயே கால் கழுவி, மணை போட்டு, இலை விரித்துப் பரிமாற வேண்டும். முகம் கோணக் கூடாது. கடைசி ஆள் கை கழுவும்வரை வீட்டுக்காரர் வாயில் பருக்கை போகக் கூடாது. அவர் எந்த வேஷத்தில் வருவார் என்று என்னிடம் சொல்ல மாட்டார். அதனால் வருகிற எல்லோரையும் அவராகவே நினைத்து உபசரிக்க வேண்டும். ஒருவர் தவறினாலும், அந்த ஒருவர் அவராக இருந்துவிட்டால் சாபம்தான். உமிக் களஞ்சியம் ஞாபகம் இருக்கிறதல்லவா?"

உமி என்றதும் ராஜா அவசரமாகத் தலையாட்டினார். "அப்படியே செய்வோம்."

மறுநாள் அரண்மனைக் கதவு விரியத் திறந்தது. ஊரிலுள்ள இல்லாதவர்கள் எல்லாம் வந்துவிட்டார்கள். ராஜா கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு செம்பும் கையுமாகக் குனிந்தார். புழுதிக் கால், பித்தவெடிப்புக் கால், புண் கால். முதல் கொஞ்ச நேரம் மூச்சை அடக்கிக்கொண்டு கழுவினார். பேச்சியின் காலைக் கழுவும்போது அவள் கூச்சத்தில் பின்னுக்கு இழுத்தாள்.

"வேண்டாம் சாமி, முள்ளு குத்தின காலு."

ராஜா முள்ளை நகத்தால் எடுத்தார். ஏன் எடுத்தார் என்று அவருக்கே தெரியவில்லை. நுனி இலை போட்டு, பருப்பும் நெய்யும் ஊற்றி, "இன்னும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளுங்கள் அம்மா" என்றார். மடைப்பள்ளியிலிருந்து எட்டிப் பார்த்த ராணி வாயைப் பொத்திக்கொண்டாள்.

பந்தி பாதியில் இருக்கும்போது ஒரு சாமியார் வந்தார். முழங்கால் வரை தாடி. உடம்பெல்லாம் திருநீறு. காலில் முழ உயரத்துக் கட்டைப் பாதக்குறடு, தரையில் கால் பாவவே இல்லை. கழுத்தில் பட்டுத்துணியில் செய்த பூமாலை, எப்படி வாடும்? கண்ணை அகலத் திறந்து இமைக்காமல் நடந்து வந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் தாரை தாரையாக ஊற்றியது.

"கடவுளே!" என்று ராஜா காலில் விழுந்தார். கால் கழுவி மணையில் உட்கார வைத்து இலை விரித்துப் பருப்பும் நெய்யும் ஊற்றினார்.

சாமியார் கட்டைக் குரலில் பேசினார். "மன்னா, நான் கேட்பதைப் படைத்தால்தான் உண்பேன். மறுத்தால் பசியோடு எழுந்து போவேன். உன் விகடன் தூங்கானையின் தலை என் இலையில் இருக்க வேண்டும்."

பந்தி முழுவதும் கை நின்றுவிட்டது. சோதிக்க வரும் கடவுள் இப்படித்தான் கேட்கக் கூடாததைக் கேட்பார் என்பது கதை கேட்டவருக்குத் தெரியாதா? கொடுத்தால் பானை, மறுத்தால் உமி. அவர் தூங்கானையைப் பார்த்தார். சிறுவயதிலிருந்து தம்மைச் சிரிக்க வைத்த முகம்.

"சுவாமி, என் ராஜ்யத்தைக் கேளுங்கள். அவனை விட்டுவிடுங்கள்" என்று தழுதழுத்தார்.

"தலை! இலையில்!" என்றார் சாமியார்.

அந்தத் தழுதழுப்பைக் கேட்டதும் தூங்கானையின் நடுக்கம் நின்றுவிட்டது. "மகாராஜா, அதிதி கேட்டதை இல்லை என்று சொல்லக் கூடாது. நான் கொடுக்கிறேன்" என்று சொல்லிச் சாமியார் எதிரே போனான். சாஷ்டாங்கமாக விழுவான் என்று பார்த்தால், மல்லாக்கப் படுத்தான். கொஞ்சம் நகர்ந்து, தலையைத் தூக்கி, அவர் இலையின் நடுவில் சௌகரியமாக வைத்துக்கொண்டான்.

"இந்தாங்க சாமி. தலை இலையில இருக்கு. வெட்டி வைக்கச் சொல்லலியே! இப்ப சாப்பிடுங்க. ரசம் ஊத்தச் சொல்லட்டுமா? மூக்குல மட்டும் படாம ஊத்தச் சொல்லுங்க."

பந்தியில் எங்கோ ஒரு சிரிப்பு கிளம்பிப் பரவியது. சாமியாருக்குக் கோபத்தில் காது சிவந்துவிட்டது. "மூடனே! வெட்டி வை!" என்று கத்தினார். கத்தின வேகத்தில் படபடவென்று இமைத்துவிட்டார்.

"அய்யோ, சாமி இமைச்சுட்டாரே! வில்லவராயர் சொன்ன அடையாளம் தப்பிப் போச்சே!" என்றான் தூங்கானை இலையிலிருந்தபடியே. "இங்கேருந்து பார்த்தா இன்னொண்ணும் தெரியுது மகாராஜா. தாடி தாடையில முளைக்கல. காதுக்குப் பின்னாடி சணல்ல முளைச்சிருக்கு."

ராஜா தாடியைப் பிடித்து இழுத்தார். தாடி கையோடு வந்தது. உள்ளே வில்லவராயர்!

"துரோகி! கடவுள் பேரில் கொலையா? இவனைக் கழுவில் ஏற்றுங்கள்!" என்று ராஜா உறுமினார். வில்லவராயர் மணையிலிருந்து உருண்டு விழுந்தார்.

தூங்கானை எழுந்து பின்மண்டையில் ஒட்டிய நெய்யைத் துடைத்துக்கொண்டான். "பொறுங்கள் மகாராஜா. கால் கழுவி மணையில் உட்கார வைத்தாயிற்று. இப்போது இவரும் அதிதி. இன்னும் சாப்பிடவில்லை. கடவுள் வில்லவராயர் வேஷத்தில் வந்து, அந்த வில்லவராயர் சாமியார் வேஷம் போட்டிருந்தால் என்ன செய்வீர்கள்? முதலில் சோறு போடுங்கள்."

வேறு இலை வந்தது. வில்லவராயர் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார். ராஜா பல்லைக் கடித்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளுங்கள்" என்றார்.

கடைசியில் பேச்சி கை கழுவிவிட்டு ராஜா எதிரில் வந்து நின்றாள். "வயிறு குளுந்துது சாமி. நீயும் உன் பிள்ளைகுட்டியும் நல்லா இருக்கணும்" என்று தலையில் கை வைத்துவிட்டு, முள் எடுத்த காலைத் தரையில் நன்றாக ஊன்றி நடந்து போனாள்.

பந்தி கலைந்தது. ராஜா அப்போதுதான் உட்கார்ந்தார். "சரி தூங்கானை, எல்லோரும் போய்விட்டார்கள். கடவுள் வந்தாரா? வராவிட்டால் தலை என்று சொன்னது நினைவிருக்கிறதல்லவா?"

"வந்து சாப்பிட்டுவிட்டுப் போனார் மகாராஜா."

"யார்?"

"அதை எப்படிச் சொல்வது? வேஷம் அவ்வளவு நன்றாக இருந்தது. வரவில்லை என்று நிரூபிக்க வேண்டுமானால், வந்தவர்களில் ஒவ்வொருவராகக் காட்டி 'இவர் கடவுள் இல்லை' என்று யாராவது சொல்லட்டும். தவறாகச் சொன்னால் சாபம் சொன்னவருக்கு. வில்லவராயரே, ஆரம்பியுங்களேன்."

வில்லவராயர் வாயை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். சபையில் ஒருவரும் விரல் நீட்டவில்லை.

ராஜாவின் தோள் குலுங்கிற்று. பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "பிழைத்தாய் போ! உன்னைவிட நான் பிழைத்தேன்" என்றார். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றித் தூங்கானைக்குப் போட்டார். வில்லவராயருக்குக் கழுமரம் இல்லை. வாசலில் வருகிறவர்களுக்குக் கால் கழுவும் வேலை.

"அதெல்லாம் இருக்கட்டும், அள்ள அள்ளக் குறையாத பானை?" என்று ராஜா மெதுவாகக் கேட்டார்.

"மடைப்பள்ளியில் போய்ப் பாருங்கள். அண்டாவில் அடிச்சோறுதான் மிச்சம். நேற்றுவரை ஊசிப்போன சோறு, இன்று ஒரு பருக்கை வீணாகவில்லை. பானை உங்களிடம் முன்பே இருந்தது மகாராஜா, அள்ளத்தான் ஆளில்லை."

"அப்படியானால் கடவுள் மறுபடி எப்போது வருவார்?"

"அதிதிக்கு ஏது திதி?" என்று சொல்லிவிட்டுத் தூங்கானை தூணில் சாய்ந்தான்.

ராஜாவின் இலையில் சோறு விழுந்தது. ஒரு கவளம் எடுத்தவர் வாசல் பக்கம் ஏதோ சத்தம் கேட்டுக் கையை நிறுத்தினார். யாரோ தடி ஊன்றி வரும் சத்தம். கவளத்தை இலையிலேயே வைத்துவிட்டு, செம்பைத் தேடிக்கொண்டு எழுந்தார்.

வந்தவர் யாரென்று என்னைக் கேட்காதீர்கள். இன்னும் சாப்பிட்டு முடிக்கவில்லை.