செத்த கிடாவும் சட்டப்படியான உயிரும்

ஒதியங்குளத்துக்காரர்களை முட்டாள்கள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். முட்டாள் யோசிக்க மாட்டான். இவர்கள் யோசித்து யோசித்தே கெட்டவர்கள்.

பீர்க்கண்ணு மகளுக்கு அன்று கல்யாணம். மதியம் மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். பிரியாணி இல்லையென்றால் மாப்பிள்ளையோடு வந்த வழியே திரும்பிப் போகிற ரகம். இருந்ததோ ஒரே கிடா. விடிந்ததும் போய்ப் பார்த்தால் அது வயிறு உப்பி, நாலு காலும் விறைத்துக் கிடக்கிறது. வாயெல்லாம் ஈ.

"போச்சே! தானா செத்தது ஹராமாச்சே! எம்மவ கல்யாணம் நின்னு போச்சே!" என்று தலையில் அடித்துக்கொண்டார் பீர்க்கண்ணு.

"பதறாதீங்க மச்சான்," என்றார் மைத்துனர் உதுமான்கனி. "அது செத்ததை யாரு பார்த்தா?"

"யாரும் பார்க்கலை."

"ராத்திரி உயிரோட இருந்துச்சா?"

"என் கைலியைத் தின்னுச்சே!"

"அப்ப உயிர் உறுதி, சாவு சந்தேகம். உறுதியைச் சந்தேகம் நீக்காதுன்னு பள்ளிவாசல் ஹஜ்ரத் சொன்னாரா இல்லையா? தொழுறதுக்குக் கைகால் கழுவி ஒளு செஞ்சது உறுதி, முறிஞ்சுதான்னு சந்தேகம்னா ஒளு நிக்கும். ஒளுவுக்கு ஒரு சட்டம், கிடாவுக்கு ஒரு சட்டமா?"

பீர்க்கண்ணு கண்ணைத் துடைத்துக்கொண்டார். சட்டப்படி கிடா பிழைத்துவிட்டது.

அறுக்கிற சிக்கந்தர் முறை தவறாதவர். முதலில் தண்ணீர் காட்டினார். குடிக்கவில்லை. "வீம்பு," என்றார். கிடா பார்த்துப் பயந்துவிடும் என்று கத்தியைச் சுவருக்கு அந்தப் பக்கம் போய்த் தீட்டினார். இடப்பக்கம் சாய்த்து, தொழுகிற திசையான கிப்லாவை நோக்கித் திருப்பி, பிஸ்மி சொல்லி, மூச்சுக்குழலும் உணவுக்குழலும் முழுதாக அறும்படி ஒரே இழுப்பு.

"துடிக்கணும், இல்லை ரத்தம் பீறிடணும். அதுதானே உயிர் இருந்ததுக்கு அடையாளம்?" என்றார் கவலையோடு. "இது அசையவே இல்லையே."

"ரொம்பப் பொறுமைசாலி," என்றார் உதுமான்கனி.

அந்த நேரம் பார்த்து நிக்காஹ் ஓதவேண்டிய ஹஜ்ரத் வந்து சேர்ந்தார். கதையைக் கேட்டதும் அவருக்கு மூச்சு முட்டியது.

"இதுல சந்தேகம் எங்கே இருக்கு? நாறுதே! சரி, சந்தேகம்னே வைங்க. இறைச்சின்னா முதல்ல விலக்குன்னுதான் கணக்கு. உயிரோட அறுத்தது நிச்சயமானாத்தான் ஹலால். நிச்சயமில்லைன்னா விலக்கு நிக்கும். அம்பு பட்ட மான் தண்ணிக்குள்ள செத்துக் கிடந்து, அம்பால செத்துச்சா மூழ்கிச் செத்துச்சான்னு தெரியலைன்னா அதைத் தின்னக்கூடாது. இதைக் கொண்டுபோய்ப் புதைங்க! விருந்துக்கு மீன் வாங்குங்க. மீனுக்கு அறுப்பே வேணாம்." மூக்கைப் பொத்திக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போய்விட்டார்.

குழி வெட்டியாகிவிட்டது. இறக்கப் போகும்போது உதுமான்கனி கையை நீட்டித் தடுத்தார்.

"தின்னத்தான் கூடாதுன்னார். செத்துப் போச்சுன்னு அவர் வாயால சொன்னாரா? உயிரோட புதைச்சா அந்தப் பாவம் யாருக்கு?"

அல்லாவே! மூவரும் நடுங்கிப்போனார்கள். மீனை மறந்து, உயிர் போகட்டும் என்று குழியைச் சுற்றிக் குந்திவிட்டார்கள். சிக்கந்தர் அதன் வாயில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டார். அது கழுத்து வழியே வெளியே வந்தது.

மதியம் மாப்பிள்ளையின் வாப்பா பசியோடு தேடிக்கொண்டு அங்கேயே வந்துவிட்டார். "விருந்து எங்கேய்யா?"

பீர்க்கண்ணு உதட்டில் விரல் வைத்தார். "சத்தம் போடாதீங்க சம்பந்தி. இன்னும் உயிர் போகலை."

சம்பந்தி கிடாவை எட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"அப்புறம் என்ன வேடிக்கை பார்க்குறீங்க? செத்துத் தொலைக்கிறதுக்குள்ள அறுங்கய்யா!"